ஊசல் ஆடும் முன்பே

தனி ஊசல் சோதனையில் குண்டைத் தொங்கவிடுவதற்கு முன்பே மாணவர் நோட்டில் எழுதுகிறார்: “நீளம் நான்கு மடங்கானால் அலைவுநேரம் இரண்டு மடங்காகும், ஏனெனில் அது நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.” காரணம் இல்லாவிட்டால் இது வெறும் ஆரூடம்தான்.

அடுத்தது எண். 25 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவுகள் சுமார் 20 விநாடி, 100 செ.மீ.க்கு 40 விநாடி. கோணம் சிறியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

கடிகாரம் 38 காட்டினால்?

கையை விட்டதுமே ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பார். உண்மையில் ஆடியது 19 அலைவுகள். 25 செ.மீ. ஊசல் 20.5 விநாடி எடுத்தால், நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தை விட்டிருக்கலாம். கணிப்பை அழித்துத் திருத்தினால் இந்தத் தடயம் போய்விடும். பிழையைக் கீழே தனியாக எழுதுவதே முறை.