தண்ணீர்தான் விலை சொல்கிறது

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு வாஷிங்மெஷின் ஆறாவது வருஷத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. துவைக்கும்போது பெரிதாக ஒன்றுமில்லை. பிழிவதற்காக டிரம் வேகமெடுத்ததும் மொட்டைமாடியில் விமானம் இறங்குவது போல ஓர் இரைச்சல். வந்த மெக்கானிக் கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். லேசாக ஆடியது. "மோட்டார் நல்லா இருக்கும்மா. பேரிங்தான் போயிருக்கு. ஆனா உங்க டப்பு ஒட்டிப்போட்ட டப்பு, பிரிக்க முடியாது. முழுசா மாத்தணும், பத்தாயிரம் ஆகும்" என்றார். மோட்டாருக்குப் பத்து வருஷ வாரண்டி இருக்கிறதே என்று அக்கா கேட்டாள். வாரண்டி மோட்டாருக்குத்தான் இருந்தது, பேரிங்குக்கு இல்லை.

முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு நல்லதா, மேல்பக்கம் மூடி வைத்த டாப் லோடு நல்லதா என்று கடையில் கேட்டால், ஃப்ரண்ட் லோடுக்கு விலை அதிகம், தண்ணீர் மிச்சம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இருக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. டாப் லோடில் தொட்டி நேராக நிற்கிறது. அடியில் சுழலும் தட்டு துணியைக் கலக்கிவிட வேண்டுமானால் துணி தண்ணீரில் மிதக்க வேண்டும். அதனால் தொட்டி நிறைய நீர் பிடிக்கிறது. சோப்புக்கு ஒரு தரம், அலசுவதற்கு இரண்டு தரம் என மூன்று முறை நிரம்பி வடிகிறது. ஏழு கிலோ மெஷினில் ஒரு தரத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 130 லிட்டரை ஒட்டி வரும். ஃப்ரண்ட் லோடில் டிரம் படுத்த வாக்கில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் நீர் நின்றாலே போதும். டிரம்முக்குள் இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கிக் கீழே போடுகின்றன. துவைக்கும் கல்லில் அடிப்பதைப் போன்ற வேலை அது. அலசும் தரங்கள் கூடினாலும் மொத்தம் 60 லிட்டருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் உங்கள் மெஷினின் வடிகுழாயை ஒரு பெரிய டிரம்மில் விட்டு அளந்து பாருங்கள். மெஷினோடு வந்த தாளில் எழுதியிருப்பதைவிட அந்த அளவு நம்பகமானது.

இப்போது அக்கா வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் இருக்கிறார்கள், வாரத்துக்கு ஐந்து தடவை துவைக்கிறார்கள், வருஷத்துக்கு 260 தடவை. ஃப்ரண்ட் லோடு டாப் லோடைவிட ஒவ்வொரு தடவையும் 70 லிட்டர் மிச்சம் செய்தால் வருஷத்துக்கு 18,200 லிட்டர். அவர்கள் குடியிருப்பில் ஆண்டின் பெரும்பகுதி லாரித் தண்ணீர்தான். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்று வைத்தால் லிட்டர் பதினைந்து காசு. அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 2,730 ரூபாய் மிச்சமாகிறது.

விலையில் ஏழு கிலோ டாப் லோடு 17,000 ரூபாய், அதே அளவு ஃப்ரண்ட் லோடு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி நாட்களில் சற்று இறங்கும், ஆனாலும் வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல்தான் இருக்கும். எட்டு வருஷத்தில் தண்ணீருக்கு மட்டும் டாப் லோடு 40,560 ரூபாயும் ஃப்ரண்ட் லோடு 18,720 ரூபாயும் கேட்கும். டாப் லோடின் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தொகை அது குடிக்கும் தண்ணீருக்குப் போகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் விலைச்சீட்டை மட்டும் பார்த்து மெஷின் வாங்குவது தப்பு என்று சொல்ல இந்த ஒரு கணக்கு போதும்.

ஆனால் கணக்கில் இன்னும் பழுதைச் சேர்க்கவில்லை. டாப் லோடில் எட்டு வருஷத்துக்குள் தொட்டியைத் தொங்கவிட்டிருக்கும் சஸ்பென்ஷன் ராடு நான்கும் ஒரு முறை மாற்ற வேண்டி வரலாம். சுமார் 1,500 ரூபாய். கிளட்ச் தேய்ந்தால் ஒரு நாலாயிரம். பெல்ட் சில நூறு ரூபாய் சமாசாரம். பக்கத்துத் தெரு மெக்கானிக்கே அரை நாளில் வேலையை முடித்துவிடுவார். ஃப்ரண்ட் லோடில் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், கிழிந்தால் 2,500 ரூபாய். அதோடு அக்கா வீட்டில் நடந்ததைப் போல டப் மாற்ற 10,000 ரூபாய்.

கூட்டிப் பாருங்கள். டாப் லோடு: விலை 17,000, பழுது 5,500, தண்ணீர் 40,560. மொத்தம் 63,060 ரூபாய். ஃப்ரண்ட் லோடு: விலை 30,000, பழுது 12,500, தண்ணீர் 18,720. மொத்தம் 61,220 ரூபாய். எட்டு வருஷத்தில் ஃப்ரண்ட் லோடு தந்திருக்கக்கூடிய லாபத்தை ஒரே ஒரு டப் ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிட்டது. அந்த டப் போகாமல் இருந்திருந்தால் ஃப்ரண்ட் லோடு கிட்டத்தட்ட 12,000 ரூபாய் லாபத்தில் நின்றிருக்கும். மாறாக, டப்போடு சேர்ந்து சர்க்யூட் போர்டும் ஒரு முறை போயிருந்தால் நஷ்டம். ஆக, ஃப்ரண்ட் லோடு லாபமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த ஒரு பழுது எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது.

அது ஏன் வருகிறது? டாப் லோடின் தொட்டி தன் அச்சின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரண்ட் லோடின் டிரம்மோ பின்பக்கம் மட்டும்தான் பிடிமானத்தில் இருக்கிறது. முன்பக்கம் கதவு இருப்பதால் அங்கே அச்சு வைக்க வழியில்லை. கையை நீட்டி நுனியில் நிறைகுடத்தைப் பிடித்திருப்பது போல, ஈரத்துணியின் கனமெல்லாம் பின்னால் இருக்கும் இரண்டு பேரிங்கின் மேல் இறங்குகிறது. அந்தக் கனத்தோடு நிமிஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்று சுழல வேண்டும். பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் ஒரு ரப்பர் சீல் காவல் இருக்கிறது. சீல் இறுகி வெடித்தால் ஈரம் உள்ளே போய் பேரிங் துருப்பிடிக்கும். டிரம்மை அச்சோடு இணைக்கும் மூன்று கால் பிடிமானத்துக்கு ஸ்பைடர் என்று பெயர். அது பெரும்பாலும் அலுமினியத்தில் வார்த்தது. சோப்பும் உப்பும் அதன் மேல் படிந்து கிடந்தால் உலோகம் அரித்து ஒரு நாள் விரிசல் விடும்.

தண்ணீரின் இன்னொரு முகம் இங்கேதான் தெரிகிறது. சோப்போடு சேரும் அந்தப் படிவு கடின நீரில் அதிகம். நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். சூடேற்றினால் கால்சியம் வெள்ளைக் காரையாக ஹீட்டரில் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணறுகளில் இதைவிடக் கடினமான நீரும் வருவதுண்டு. லாரிகள் பலவும் இத்தகைய கிணறுகளில்தான் நிரப்பிக்கொள்கின்றன. ஃப்ரண்ட் லோடு யாருக்கு அதிகம் மிச்சம் செய்யுமோ, அதே வீட்டுத் தண்ணீர்தான் அதன் ஆயுளைக் குறைக்கவும் செய்கிறது. கடைக்காரர் சொல்லாத பாதி இதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடின நீர் இருக்கும் வீட்டில் அன்றாடத் துணிக்குச் சூடு வேண்டாம். குளிர்ந்த நீரில் துவைத்தால் ஹீட்டரில் காரை ஏறுவது வெகுவாகக் குறையும், ஒரு தடவைக்கு அரை யூனிட்டோ அதற்கு மேலோ கரண்டும் மிச்சம். மெஷினின் குழாயில் மாட்டும் சிறிய உருளைகள் காரை படிவதைத் தாமதப்படுத்துமே தவிர கடினத்தை எடுத்துவிடாது. கடினத்தை எடுக்க உப்பு போட்டு இயக்கும் சாஃப்ட்னர் வேண்டும். குடியிருப்புக்கே ஒன்று வைத்திருந்தால் கவலை இல்லை. இரண்டும் இல்லாதவர்கள் மாதம் ஒரு முறை, காரை நீக்கும் பொடி போட்டு வெறும் டிரம்மைச் சூட்டில் ஓடவிடலாம். பொடியை அளவுக்கு மேல் கொட்டும் பழக்கமும் ஸ்பைடருக்கு எதிரி. நுரை குறைந்த பொடியையே ஃப்ரண்ட் லோடுக்கு வாங்குங்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, கேஸ்கெட் மடிப்பில் நிற்கும் நீரைத் துணியால் துடைத்துவிட்டால் பூஞ்சையும் வராது, வாடையும் வராது.

ஆயுள் என்று கேட்டால் நன்றாக வைத்திருக்கும் மெஷின் இரண்டுமே பத்து வருஷத்தை ஒட்டி வரும். டாப் லோடைப் பன்னிரண்டு வருஷம் தாண்டி ஓட்டுபவர்கள் உண்டு. அது அதிக உறுதி என்பது காரணமல்ல. பன்னிரண்டாம் வருஷத்திலும் அதை ஆயிரம் இரண்டாயிரம் செலவில் சரிபண்ண முடிகிறது. ஏழு வருஷமான ஃப்ரண்ட் லோடுக்குப் பத்தாயிரம் செலவழிப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி வந்ததும் பலர் புதிது வாங்கிவிடுகிறார்கள். அந்த மெஷினின் ஆயுள் அங்கே முடிகிறது.

ஆகவே வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, டப் பிரித்துச் சேர்க்கக்கூடியதா என்பதுதான். திருகு போட்டுப் பூட்டிய டப் என்றால் பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றி, கூலி சேர்த்தாலும் முழு டப்பின் விலையில் ஒரு பகுதியோடு முடித்துவிடலாம். அவருக்குத் தெரியவில்லை என்றால் அந்த மாடலைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கைக் கேளுங்கள். மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் நீரழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று இருக்கும். தொட்டி குழாயைவிட மூன்று மீட்டராவது உயரத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும்.

சொந்தக் கிணற்றில் ஊறும் தண்ணீரை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நீருக்கு விலை இல்லை என்றால் அதே எட்டு வருஷத்துக்கு டாப் லோடு 22,500 ரூபாய், ஃப்ரண்ட் லோடு 42,500 ரூபாய். நிலத்தடி நீர் வற்றாத வீட்டில் அந்த 20,000 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்கக் காரணம் இல்லை. லாரிக்குக் காசு கொடுக்கும் வீட்டில், தண்ணீர் நடுத்தரக் கடினத்துக்குள் இருந்து டப்பும் பிரிக்கக்கூடியதாக இருந்தால் ஃப்ரண்ட் லோடுதான் என் தேர்வு. லாரித் தண்ணீர் மிகக் கடினமாக இருந்து சாஃப்ட்னரும் இல்லை என்றால், டாப் லோடு வாங்கி, கடைசி அலசல் நீரைப் பிடித்து வைத்துத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவதே மேல்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய் ஏதாவது நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கடினத்தன்மையைப் பார்த்துவிடுங்கள்.