டிகிரி எண் இல்லாத கேஸ் ஓவனில் கேக் சுடுவது எப்படி?

ஷார்ஜாவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில், மேலே நான்கு அடுப்பும் கீழே ஓவனும் உள்ள குக்கிங் ரேஞ்ச் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வளைகுடா நாடுகளில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் இந்த வகை அடுப்பு பழக்கமானதுதான். ஓவன் குமிழில் டிகிரி எண் எதுவும் கிடையாது. ஒரு பக்கம் பெரிய தீயின் படம், இன்னொரு பக்கம் சிறிய தீயின் படம், அவ்வளவுதான். சமையல் குறிப்பிலோ "180 டிகிரியில் 45 நிமிடம்" என்று போட்டிருக்கும்.

மகளின் பிறந்தநாளுக்கு முதன்முதலாக அதில் கேக் வைத்தேன். 180 என்பது நடுத்தரச் சூடு என்று கேள்விப்பட்டிருந்ததால், குமிழையும் நடுவில் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, கேக்கை உள்ளே தள்ளினேன். அரை மணி நேரத்தில் கருகல் வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் கரி, மேல்பக்கம் வெளிறிப்போய் நடுவில் வெடித்திருந்தது, உள்ளே பச்சை மாவு. அன்று கடைக் கேக்தான் வெட்டினோம்.

தவறு எங்கே நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அடுப்பின் மேல் நாம் சமைக்கும்போது சிம், மீடியம், ஹை என்ற மூன்றும் நமக்கு அத்துப்படி. ஆனால் அங்கே பெரும்பாலும் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது. எவ்வளவு பெரிய தீ வைத்தாலும், கொதிக்கும் சாம்பாரின் சூடு 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். தீயைக் கூட்டினால் வேகமாக வற்றும், அவ்வளவே. ஓவனுக்குள் அப்படி ஒரு வரம்பு இல்லை. எண் போட்ட ஓவனில் தெர்மோஸ்டாட் என்ற கருவி இருக்கும். கேட்ட சூடு வந்ததும் அது தானாகவே கேஸைக் குறைத்துவிடும். நம் ஓவனில் அது இல்லாததால், குமிழ் எவ்வளவு கேஸ் விடுகிறதோ அவ்வளவும் எரிந்துகொண்டே இருக்கும். வெளியே போகும் சூடும் உள்ளே வரும் சூடும் சமமாகும்வரை ஓவன் ஏறிக்கொண்டே போகும். பத்தாவது நிமிடத்தில் 170 ஆக இருப்பது, அரை மணி நேரத்தில் 210ஐத் தாண்டிவிடலாம்.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஓவனில் சிம் என்றால் எத்தனை டிகிரி என்று கண்டுபிடிப்பது. சமையல் சாமான் கடைகளில் ஓவனுக்குள்ளேயே வைக்கும் சிறிய முள் தெர்மாமீட்டர் கிடைக்கும். அதைக் கேக் வைக்கும் தட்டின் நடுவில், சுவரில் படாமல் வைத்து, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். காலி ஓவனைச் சிம்மில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். முள் எங்கே நகராமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் சிம். எங்கள் வீட்டு ஓவன் அரை மணி நேரத்துக்குப் பிறகு 170ல் நின்றது. மீடியத்தில் 215 வந்தது. ஹையில் 250ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்ததால் அணைத்துவிட்டேன். கேக்குக்கு வேண்டிய சூடு சிம்மிலேயே இருந்தது!

தெர்மாமீட்டர் இல்லையென்றால் பழைய முறை ஒன்று உண்டு. ஓவனை அரை மணி நேரம் ஒரே தீயில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் மைதாவை மெல்லியதாகப் பரப்பி ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். மாவு லேசாக நிறம் மாறினால் குறைந்த சூடு. பொன்னிறமானால் கேக்குக்கு ஏற்ற நடுத்தரச் சூடு. கரும்பழுப்பானால் அது பீட்சா, ரொட்டிக்கான சூடு. இது உத்தேசக் கணக்குதான் என்றாலும், கேக் கருகாமல் காப்பாற்ற இது போதும்.

அடுத்தது, அடி கருகி மேல்பக்கம் வெளிறிய பிரச்சினை. இந்த ஓவன்களில் தீ அடித்தகட்டுக்குக் கீழே எரிகிறது. ஆகவே கேக்கின் அடிதான் முதலில் சூட்டை வாங்குகிறது. கேக் தட்டை நடுத்தட்டிலோ அதற்கு ஒரு படி மேலேயோ வையுங்கள். அப்படியும் அடி கருகினால், கீழ்த்தட்டில் ஒரு காலி பேக்கிங் டிரேயை வைக்கலாம். அது நேரடிச் சூட்டைத் தடுக்கும். ஆனால் டிரேயைச் சுற்றிச் சூடு மேலே போக இடைவெளி இருக்க வேண்டும். ஓவன் தரையில் அலுமினியத் தாள் விரிக்கவே கூடாது. அங்குள்ள துளைகள் அடைபட்டால் கேஸ் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாடையே கிடையாது.

இரண்டாம் முறை நான் செய்தது இது. 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 4 முட்டை, 200 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 20 செ.மீ. வட்டத் தட்டு. முதலில் மீடியத்தில் வைத்து முள் 180ஐத் தொட்டதும் சிம்முக்குக் குறைத்து, பத்து நிமிடம் விட்டேன். கேக்கை வைக்கக் கதவைத் திறந்ததும் சூடு 150க்கு இறங்கியது. பதறிப்போய்த் தீயைக் கூட்டவில்லை. கால் மணி நேரத்தில் அதுவாகவே 165க்குத் திரும்பிவிட்டது. 40 நிமிடம்வரை கதவைத் திறக்கவே இல்லை. முன்பே திறந்தால் நடுப்பகுதி இறுகாமல் அமுங்கிவிடும். 55வது நிமிடத்தில் குச்சி சுத்தமாக வந்தது, ஓரங்களும் தட்டை விட்டு விலகியிருந்தன. மேலே நிறம் போதாததால், கீழ்த்தீயை அணைத்துவிட்டு மேல் கிரில்லை இரண்டு நிமிடம் போட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். கிரில் போடும்போது கதவு திறந்திருக்க வேண்டுமா என்பது ரேஞ்சுக்கு ரேஞ்ச் மாறும், அதன் கையேட்டைப் பாருங்கள்.

சிம்மில் ஒரு தொல்லை உண்டு. கதவை ஓங்கிச் சாத்தினால் காற்று அடித்துச் சிறிய தீ அணைந்துவிடலாம். ஆகவே மெதுவாகச் சாத்தி, தரையில் உள்ள துளை வழியாக நீலத் தீ தெரிகிறதா என்று பாருங்கள். பற்றவைக்கும்போது முதலில் கதவைத் திறந்துவிட்டுத்தான் குமிழைத் திருப்ப வேண்டும். பற்றவில்லை என்றால் உடனே மூடிவிட்டு, கதவைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு முயலுங்கள். தீ மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ சமைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த ஓவனால் முடியாததும் உண்டு. எங்கள் ஓவனில் சிம்மே 170 என்பதால், 100 டிகிரியில் மணிக்கணக்காக உலர வேண்டிய மெரிங் போன்றவை அதில் நடக்காது. கதவைத் திறந்து வைத்துச் சூட்டைக் குறைக்கவும் நான் முயலவில்லை, குமிழ்கள் உருகிவிடும்.

சிம் 170, மீடியம் 215 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வீடு மாறும்போது அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அடுத்த ஓவனின் சிம் வேறாகத்தான் இருக்கும்.