மெதுவேகக் கப்பலோட்டம்

மெதுவேகக் கப்பலோட்டம் அல்லது சுலோ ஸ்டீமிங் என்பது சரக்குக் கப்பல்களை அவற்றின் வடிவமைப்பு வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் திட்டமிட்டே செலுத்தும் முறையாகும். எரிபொருள் செலவைக் குறைப்பதே இதன் முதன்மை நோக்கம். 24 அல்லது 25 நாட் வேகத்துக்காகக் கட்டப்பட்ட கொள்கலன் கப்பல்களை 18 முதல் 21 நாட் வரையிலான வேகத்தில் ஓட்டுவது இதற்குப் பரவலான எடுத்துக்காட்டு. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் வேகம் ஆகும்.

பின்னணி

2000-களின் தொடக்கத்தில் கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெயின் விலை டன்னுக்கு ஏறத்தாழ 150 டாலராக இருந்தது. 2008-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது 700 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார நெருக்கடியால் சரக்கு குறைந்தது. ஆனால், முன்பே கட்டச் சொல்லியிருந்த புதிய கப்பல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. எரிபொருள் விலையும் வேலையில்லாக் கப்பல்களின் எண்ணிக்கையும் சேர்ந்து, வேகத்தைக் குறைப்பதை ஆதாயமாக்கின. டென்மார்க்கின் மேர்ஸ்க் லைன் இம்முறையை முன்னின்று கையாண்ட நிறுவனங்களுள் ஒன்று.

வேகத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள தொடர்பு

கப்பல் முன்னே செல்லும்போது நீர் அதன் உடலோடு உராய்கிறது. கப்பல் நீரைத் தள்ளி அலைகளையும் எழுப்புகிறது. இவற்றால் உண்டாகும் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. இயந்திரம் தரவேண்டிய திறன் என்பது தடையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஆகவே திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. இதனைக் கப்பல் துறையினர் மும்மடி விதி என்பர்.

வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால், தேவைப்படும் திறன் 0.9 × 0.9 × 0.9 = 0.729 பங்காகக் குறையும். அதாவது ஒரு நாளில் எரியும் எண்ணெய் சுமார் 27 விழுக்காடு குறையும். எனினும் பயணம் அதிக நாள் நீடிப்பதால், அதே தூரத்துக்கான சேமிப்பு 27 அன்று, 0.9 × 0.9 = 0.81 என்ற கணக்கில் 19 விழுக்காடே. இவ்விரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை.

ஒரு கணக்கு

சுமார் 8,000 இருபதடிக் கொள்கலன்களை ஏற்றும் ஒரு கப்பல் 24 நாட் வேகத்தில் நாளொன்றுக்கு 225 டன் எண்ணெய் எரிப்பதாகக் கொள்வோம். கிழக்கு ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக வட ஐரோப்பாவுக்குச் செல்லும் தூரத்தை 10,080 கடல் மைல் என எடுத்துக்கொள்ளலாம்.

| வேகம் | கடலில் நாட்கள் | ஒரு நாள் எரிபொருள் | ஒரு வழிக்கு மொத்தம் |
|---|---|---|---|
| 24 நாட் | 17.5 | 225 டன் | சுமார் 3,940 டன் |
| 21 நாட் | 20 | 150 டன் | 3,000 டன் |
| 18 நாட் | 23.3 | 95 டன் | சுமார் 2,215 டன் |

24-இலிருந்து 21 நாட்டுக்கு இறங்கினால் பயணம் இரண்டரை நாள் நீள்கிறது. 940 டன் மிஞ்சுகிறது. மேலும் 3 நாட் குறைத்தால் மிஞ்சுவது 785 டன் மட்டுமே. ஆனால் கூடும் நேரமோ மூன்று நாளுக்கும் மேல். முதலில் குறைக்கும் வேகமே அதிகப் பலன் தருகிறது என்பதை இது காட்டுகிறது.

கூடுதல் கப்பல்

கொள்கலன் சேவைகள் பொதுவாக வாரம் ஒரு கப்பல் என்ற ஒழுங்கில் இயங்குகின்றன. மேற்கண்ட வழியில் போய்வரக் கடலில் 35 நாளும் துறைமுகங்களில் 21 நாளும் ஆகும் எனக் கொண்டால், மொத்தம் 56 நாள். வாரம் ஒரு கப்பல் புறப்பட 8 கப்பல்கள் வேண்டும். 21 நாட் வேகத்தில் இது 61 நாளாகும். வார ஒழுங்கு குலையாதிருக்க 63 நாளாக வைத்து, ஒன்பதாவது கப்பலைச் சேர்க்க வேண்டும். மீதமுள்ள இரண்டு நாள் தாமதங்களை ஈடுகட்ட உதவும்.

வாரத்துக்கு ஒரு சுற்றுப்பயணம் என்பதால் சேவை முழுவதிலும் வாரந்தோறும் சுமார் 1,875 டன் எண்ணெய் மிஞ்சும். எண்ணெய் டன்னுக்கு 600 டாலர் என்றால் இது 11 லட்சம் டாலருக்கு மேல். ஒன்பதாவது கப்பலின் வாடகையை நாளொன்றுக்கு 40,000 டாலர் எனக் கொண்டால், வாரச் செலவு 2,80,000 டாலர்தான். ஆனால் எண்ணெய் விலை 150 டாலராக இருந்தால் சேமிப்பும் வாடகையும் ஏறத்தாழ சமமாகிவிடும். வேகத்தைக் குறைப்பது ஆதாயமா என்பதை எண்ணெய் விலையும் கப்பல் வாடகையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இக்கணக்கில் சரக்கு உரிமையாளரின் இழப்பு சேரவில்லை. பொருள் கடலில் கிடக்கும் கூடுதல் நாட்களுக்கு அவரது முதல் முடங்குகிறது. எண்ணெயில் மிஞ்சுவது கப்பல் நிறுவனத்துக்கு, காத்திருப்பது சரக்குக்காரருக்கு. கட்டணம் குறையாதபோது இதுவே இரு தரப்புக்கும் இடையே பூசலாகிறது.

இயந்திரத்தில் எழும் சிக்கல்கள்

24 நாட்டில் ஓட வேண்டிய கப்பல் 18 நாட்டில் ஓடும்போது, மும்மடி விதிப்படி 24 நாட்டுக்கான திறனில் 42 விழுக்காடே தேவை. அத்தகைய குறைந்த சுமைக்காக அந்த இயந்திரம் செம்மையாக்கப்படவில்லை. வெளியேறும் புகையின் ஆற்றல் குறைவதால் டர்போசார்ஜர் போதிய காற்றைத் தருவதில்லை. சுமை மேலும் குறைந்தால் மின்சாரத்தால் இயங்கும் துணைக் காற்றூதிகள் தேவைப்படும். எண்ணெய் முழுமையாக எரியாமல் புகைக்கரி உண்டாகிறது.

புகையின் வெப்பத்தைப் பயன்படுத்தும் கொதிகலனில் இக்கரி படிந்தால் அது தீப்பற்றக்கூடும். கொதிகலனின் உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே புகையின் அழுத்த வேறுபாடு கூடிக்கொண்டே போவது கரி படிவதற்கான அறிகுறி. இதனைத் தவிர்க்கப் பொறியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் சில மணி நேரம் சுமையை உயர்த்திக் கரியை வெளியேற்றுவர். மற்றொரு சிக்கல் குளிர் அரிப்பு. உருளையின் உட்சுவர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், எண்ணெயிலுள்ள கந்தகத்திலிருந்து உருவாகும் கந்தக அமிலம் அதன்மேல் படிந்து உலோகத்தை அரிக்கும்.

நீண்ட காலம் மெதுவாக ஓடவேண்டிய கப்பல்களில் டர்போசார்ஜர்களுள் ஒன்றைத் தனிமைப்படுத்துதல், உந்துவிசிறியை மாற்றுதல், முன்னால் நீருக்கடியில் இருக்கும் குமிழ்முனையைக் குறைந்த வேகத்துக்கு ஏற்ற வடிவில் வெட்டி மாற்றிப் பொருத்துதல் ஆகியவை செய்யப்படுகின்றன.

வரம்புகள்

மும்மடி விதி தோராயமானது. கப்பலின் வடிவம், சுமை, காற்று, அலை, அடிப்பகுதியில் ஒட்டும் பாசியும் சிப்பியும் ஆகியவற்றுக்கேற்பக் கணக்கு மாறும். விளக்குகளுக்கும் குளிர்சாதனக் கொள்கலன்களுக்கும் வேண்டிய மின்சாரம் வேகத்தைப் பொறுத்ததன்று. பயணம் நீண்டால் அச்செலவு கூடும். எனவே ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைப்பதில் பயனில்லை. புயலில் கப்பலைத் திசைதிருப்பப் போதிய திறனும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

பின்னர் குறைந்த வேகமே வடிவமைப்பாயிற்று. மேர்ஸ்க் நிறுவனம் 2013-இல் ஓட்டத் தொடங்கிய டிரிப்பிள்-இ வகைக் கப்பல்களில், ஒரே பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக மெதுவாகச் சுழலும் இரண்டு இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 2023 முதல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஆற்றல் திறன் விதிகள் பழைய கப்பல்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றை நிறைவுசெய்யப் பல கப்பல்களில் இயந்திரத்தின் உச்சத் திறனுக்கே வரம்பு வைக்கப்பட்டது. இக்கப்பல்களில் பழைய உச்ச வேகத்தை வழக்கமான பயணங்களில் எட்ட இயலாது.