நான்கு கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் நிறம்

தென்மாநிலங்களின் மக்கள்தொகையை ஒப்பிட்டு ஓர் அறிக்கை. 1951 முதல் 2011 வரையிலான 7 கணக்கெடுப்புகளின் எண்கள் எக்செல் தாளில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தமிழ்நாடு 3.01-இல் தொடங்கி 7.21-க்கு வருகிறது, கேரளம் 1.35-இல் தொடங்கி 3.34-க்கு. கர்நாடகமும், தெலங்கானா பிரியாத ஆந்திரமும் கூடவே உண்டு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Insert வழியாகக் கோட்டு வரைபடம் போட்டால் பெரும்பாலும் முதலில் வருவது ஒரு வேடிக்கை: 2000-க்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட நேரான ஒரு கோடு, அடியில் நசுங்கிக் கிடக்கும் நான்கு கோடுகள். ஆண்டுப் பத்தியையும் எக்செல் ஒரு மாநிலம்போல வரைந்துவிட்டது. தாளில் ‘ஆண்டு’ என்ற தலைப்பை அழித்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மறுபடி வரைந்தால் சரியாகிவிடும்.

அடுத்த சிக்கல் நிறம். 2013-க்குப் பின் பல ஆண்டுகள் எக்செல் தானாகத் தந்த வரிசை நீலம், ஆரஞ்சு, சாம்பல், மஞ்சள். திரையில் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அறிக்கை ஜெராக்ஸ் கடைக்குப் போனால், அந்த ஆரஞ்சும் சாம்பலும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். எது கர்நாடகம், எது கேரளம் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

அறிக்கை தமிழ்நாட்டைப் பற்றியது என்றால் அதற்கு மட்டும் அடர்நீலம் போதும் (சிவப்பு 0, பச்சை 114, நீலம் 178), கொஞ்சம் தடித்த கோடாக. மற்ற மூன்றும் வெளிர்சாம்பல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கும் இந்த வேறுபாடு தெரியும், ஜெராக்ஸிலும் தப்பிக்கும்.

மூன்று சாம்பல் கோடுகளுக்கு நிறவிளக்கப் பெட்டி உதவாது. அதை அழித்துவிட்டு ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பெயரை எழுதலாம். கோட்டை ஒருமுறை சொடுக்கினால் கோடு முழுதும் தேர்வாகும்; 2011-இன் புள்ளியை மறுபடி சொடுக்கினால் அது மட்டும். வலது சொடுக்கில் Add Data Label. பிறகு Format Data Labels-இல் Series Name-ஐத் தேர்ந்து Value-ஐ எடுத்துவிட்டு, இடத்தை Right என வைக்க வேண்டும். பெயர் வெட்டுப்பட்டால் வரைபரப்பின் வலது ஓரத்தை உள்ளே இழுத்தால் போதும்.

உதவிக் கோடுகளைப் பலர் மொத்தமாக அழித்துவிடுகிறார்கள், அது அதிகம். Format Axis-இல் உச்சத்தை 10, Major இடைவெளியை 2 என வைத்தால் கோடுகள் பாதியாகக் குறையும். நிறத்தையும் மங்கலாக்கினால் அவை தரவின் பின்னே ஒதுங்கி நிற்கும்.

எழுத்தளவை வரைபடத்தின் அகலம் தீர்மானமான பிறகே பார்க்க வேண்டும். 9 புள்ளி எழுத்துள்ள அகலமான படத்தை வேர்டில் பாதியாகச் சுருக்கினால் எழுத்து 4.5 புள்ளிதான். எக்செல்லிலேயே அகலத்தை 15 சென்டிமீட்டராக்கிவிட்டு ஒட்டுவது நல்லது.

நான்கு மாநிலங்களுமே சம முக்கியம் என்றால் இந்தச் சாம்பல் உத்தி எடுபடாது. அப்போது ஒரே அளவுகோலில், பக்கம் பக்கமாக, நான்கு சிறு வரைபடங்கள் போடலாம்.