நெஞ்சு எரியாது, தொண்டை மட்டும் உறுத்தும்

இரைப்பையில் உள்ளது மேலே ஏறி, உணவுக்குழாயையும் தாண்டித் தொண்டையையும் குரல்வளையையும் தொடும் நிலையைக் குரல்வளை எதுக்களிப்பு என்று சொல்லலாம். அடிக்கடி தொண்டையைச் செருமுவது, சளி ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு, காலையில் குரல் கரகரப்பு, தொண்டைக்குழியில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருப்பது ஆகியவை இதன் வழக்கமான அறிகுறிகள். நெஞ்செரிச்சல் பலருக்கு இருப்பதே இல்லை. அதனால்தான் இந்தத் தொல்லையை வயிற்றோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை. சளி மருந்து, இருமல் சிரப், ஆன்டிபயாட்டிக் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சாப்பிட்ட பிறகு கொஞ்சம் எதுக்களிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வரை இரைப்பை அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதிக்கு வந்துபோனாலும் அதை இயல்பு என்றே கணக்கில் கொள்கிறார்கள். உணவுக்குழாய் அதைத் தாங்கும் வகையில் அமைந்திருக்கிறது. அதன் உட்தோல் தடித்தது. மேலே வந்ததை அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் புளிப்பை, விழுங்கும் எச்சிலில் உள்ள பைகார்பனேட் முறித்துவிடும். குரல்வளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதன் உட்படலம் மெல்லியது. வந்ததைத் தள்ளிவிடும் அசைவும் கிடையாது. நெஞ்சு எரியவேண்டுமானால் அமிலம் உணவுக்குழாயில் கொஞ்ச நேரமாவது தங்கவேண்டும். குரல்வளை புண்படுவதற்கோ, வேகமாக மேலே வந்து போகும் ஒரு சிறு துளி, ஏப்பத்தோடு கலந்து வரும் ஈரப்புகை கூடப் போதும். நெஞ்செரிச்சல்காரர்களுக்குத் தொல்லை பெரும்பாலும் படுத்தபின் வருகிறது. தொண்டைக்காரர்களுக்கோ பகலில், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் வருகிறது.

மேலே வருவதில் அமிலத்தை மட்டும் பார்த்தால் போதாது. கூடவே பெப்சின் வருகிறது. இறைச்சி, பருப்பு முதலியவற்றின் புரதத்தைச் செரிக்கும் இந்த நொதி, தொண்டையின் செல்களில் ஒட்டிக்கொள்ளும், உள்ளேயும் புகும். புளிப்பு குறைந்த இடத்தில் அது செயலிழந்து கிடக்கும், ஆனால் அழிந்துவிடுவதில்லை. மறுபடி புளிப்பு பட்டதும் விழித்துக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்தப் புளிப்பு கீழேயிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வாய்வழியாகக் குடிக்கும் எலுமிச்சைச் சாறும் சோடாவும் கூட அந்த வேலையைச் செய்யலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்களும், ஆப்பிள் சிடர் வினிகர் குடிப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

எதுவுமே தொண்டை வரை ஏறாமலும் செருமல் வரலாம். உணவுக்குழாய்க்கும் குரல்வளைக்கும் ஒரே வேகஸ் நரம்புதான் போகிறது. கீழே அமிலம் பட்டால், அந்த நரம்பின் வழியாக மேலே இருமலும் செருமலும் கிளம்பும்.

உருண்டை உணர்வுக்குக் காரணங்கள் இரண்டு. குரல்வளையின் பின்பகுதி லேசாக வீங்குகிறது. உணவுக்குழாயின் மேல்வாயிலில் உள்ள வளையத் தசை, ஏறி வருவதைத் தடுக்க இறுகிக்கொள்கிறது. எச்சிலை வெறுமனே விழுங்கும்போது இறுக்கம் நன்றாகத் தெரியும். இட்லியோ சோறோ விழுங்கும்போது தெரியாது, சாப்பாடு தடையில்லாமல் இறங்கிவிடும். இந்த வித்தியாசம் முக்கியமானது. உருண்டை இருக்கிறது ஆனால் சாப்பாடு சிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாடே சிக்குகிறது என்றால் அது வேறு நோய், உடனே பார்க்கவேண்டியது. இதற்கிடையே, புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சில் விழுங்கிப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தசை மேலும் இறுகுகிறது.

செருமுவதும் இப்படித்தான் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு செருமலிலும் இரண்டு குரல்நாண்களும் ஓங்கி மோதிக்கொள்கின்றன. மோதிய இடம் வீங்கும். வீங்கிய இடம் சளியைச் சுரக்கும். சளி இருப்பதாகத் தோன்றியதும் மறுபடி செருமத் தோன்றும். ஆரம்பக் காரணம் போனபிறகும் பழக்கம் மட்டும் மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

இதை அளக்க, 2002இல் வெளியான ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு தொந்தரவு செய்தது என்பதற்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடவேண்டும். நாள் முழுக்க வகுப்பில் பேசும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை, காலையில் வெறும் வயிற்றில் காபி. அவர் போடும் மதிப்பெண் இப்படி இருக்கும்: குரல் கரகரப்பு 3, செருமல் 5, தொண்டையில் சளி 4, விழுங்கச் சிரமம் 0, சாப்பிட்டபின் அல்லது படுத்தபின் இருமல் 2, மூச்சுத் திணறல் 0, தொந்தரவான இருமல் 2, உருண்டை உணர்வு 4, நெஞ்செரிச்சல் 0. கூட்டினால் 20. பதின்மூன்றுக்கு மேல் போனாலே எதுக்களிப்பைச் சந்தேகிக்கலாம் என்பது கணக்கு. ஒன்பதில் நெஞ்செரிச்சல் ஒரே ஒரு கேள்விதான் என்பதையும் பார்க்கவேண்டும்.

ஆனால் இந்த 20 ஒரு சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. மூக்கிலிருந்து தொண்டைக்கு ஒழுகும் ஒவ்வாமைச் சளியும் இதே மதிப்பெண்ணைத் தரும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் வறட்டு இருமலையும் தொண்டை உறுத்தலையும் உண்டாக்கும். ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு குரலைக் கரகரப்பாக்கும். ஓயாமல் பேசும் தொழிலே குரல்நாணை வீங்கவைக்கும். குழாய்க் கேமராவில் தெரியும் சிவப்பும் முழுச் சாட்சி ஆகாது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் குரல்வளையிலும் அப்படிச் சிவப்பு தெரிவதுண்டு. கேமராவின் உண்மையான பயன் வேறு: கட்டியோ புண்ணோ இல்லை என்று உறுதிசெய்வது. எதுக்களிப்பை நேரடியாகக் காட்டுவது, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அளக்கும் சோதனை. அது பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமல் தொண்டைத் தொல்லை மட்டும் இருப்பவர்களுக்கு மாத்திரையைத் தொடங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்யவேண்டும் என்று அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது.

நடைமுறையில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. முதலில் கைக்கு வருவது ‘கேஸ் மாத்திரை’. பான்டோபிரசோல், ராபிபிரசோல் போன்றவை அமிலச் சுரப்பைக் குறைக்கும். மேலே ஏறுவதை நிறுத்தாது, பெப்சினையும் அகற்றாது. பிரிட்டனில் 346 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் தினமும் இரு வேளை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, 16 வாரம். இரு தரப்புக்கும் தொண்டைத் தொல்லை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைக்கு நல்ல இடம் உண்டு. அப்போதும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். பல மாதம் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சிரமப்படுத்தும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களுக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறையும் வாய்ப்பும் உண்டு.

மருந்துச் சீட்டில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். இந்தியாவில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் சாதாரணமாக எழுதப்படுகிறது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கலாம் என்பதால், ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மிகாமல் கொடுக்கச் சொன்னது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகளோடு அதைச் சேர்க்கக் கூடாது. அசித்ரோமைசினோடு எச்சரிக்கை தேவை. தொண்டைக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்கும் வயிற்றுக்குத் தரும் கேப்சூலும் ஒரே பையில் வீட்டுக்கு வருவது அரிதல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

மாத்திரையைவிடப் பெரும்பாலும் நேரமும் தட்டும்தான் உதவுகின்றன. அந்த ஆசிரியை செய்யவேண்டிய முதல் மாற்றம், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துக்கொள்வது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கவேண்டும். பரோட்டா, பஜ்ஜி போன்ற எண்ணெய்ப் பண்டங்களும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் இரைப்பையின் மேல்வாயிலைத் தளர்த்தும். வத்தக்குழம்பு, புளிச்சாதம், தக்காளித் தொக்கு, சோடா, வெறும் வயிற்றுக் காபி ஆகியவற்றைச் சில வாரம் நிறுத்திவைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் எது தொல்லை என்பது தெரிந்துவிடும். எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பாவாடை நாடா, பெல்ட் இரண்டும் வயிற்றை அழுத்தி மேலே தள்ளும். இரவில் தொல்லை இருந்தால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், பலன் இல்லை. சாப்பிட்டபின் குடிக்கும் ஆல்ஜினேட் சிரப், இரைப்பையில் இருப்பதன் மேல் ஒரு மிதக்கும் படலம் போட்டு ஏறுவதைத் தடுக்கும். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்து அழுத்தி விழுங்கவேண்டும். இந்தப் பழக்கம் மாற வாரங்கள் ஆகும். குரல்வளை ஆறுவதற்கு இரண்டு, மூன்று மாதம் கூடப் பிடிக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. குரல் கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கேமராவில் பார்த்தே ஆகவேண்டும். புகை, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்கள் அதுவரை கூடப் பொறுக்கக் கூடாது. சாப்பாடு சிக்குதல், விழுங்கும்போது வலி, ஒரு பக்கம் மட்டும் தொண்டை வலியோடு அதே பக்கம் காது வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கேஸ் மாத்திரையால் நாள் கடத்துவது ஆபத்து.

பார்த்த மருத்துவரிடம் என்ன தெரிந்தது, எந்த மருந்து எதற்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்பது நோயாளியின் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் தடையில்லை. குரல்வளைக் கேமராப் பதிவு, எண்டோஸ்கோப்பி அறிக்கை உள்ளிட்ட மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அவற்றை எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்வது நல்லது. தரமறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு கவனக்குறைவாகச் சிகிச்சை செய்து, அதனால் பாதிப்பு நேர்ந்ததாகக் கருதினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே வழக்குத் தொடுக்கக் கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.