M3 ஆணிக்கு எத்தனை மி.மீ. துளை? எக்ஸெலில் கணக்கிடுவோம்

சென்ற ஆண்டு வீட்டில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கட்டினேன். கேபினட் வாங்காமல், 6 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகட்டின் மேல் மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டைப் பொருத்துவது என் திட்டம். போர்டின் நான்கு மூலைகளுக்கும் நான்கு M3 மரைத் துளைகள் வேண்டும். மரைக்கு முன் எத்தனை மி.மீ. டிரில் போடுவது? இணையத்தில் கிடைத்த ஓர் அட்டவணையில் M3-ன் சிறு விட்டம் 2.387 என்று இருந்தது. அதற்கு அருகில் வரும் 2.4 மி.மீ. டிரில் பிட் வாங்கித் துளையிட்டேன். முதல் துளையில் டேப்பைச் சுழற்றும்போதே பாதி வழியில் இறுகியது. சற்று அழுத்தித் திருப்பினேன். "டக்" என்ற சத்தத்தோடு டேப் உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது.

கோவையில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குத் தகட்டை எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் துளையைப் பார்த்ததும், "தம்பி, நீங்க போல்ட்டோட அளவைப் பார்த்து ஓட்டை போட்டுட்டீங்க" என்றார். அந்த ஒரு வரியின் பொருள்தான் இந்தக் கட்டுரை.

M3 என்ற பெயரில் என்ன இருக்கிறது?

M என்பது மெட்ரிக் மரையைக் குறிக்கிறது. 3 என்பது ஆணியின் வெளிவிட்டம் 3 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பிட்ச் என்கிறோம். பெயரில் பிட்ச் எழுதப்படவில்லை என்றால், அது அந்த விட்டத்துக்குரிய பெரும்பிட்ச், அதாவது கோர்ஸ் பிட்ச் என்று பொருள். M8 என்றால் பிட்ச் 1.25. M8×1 என்று எழுதியிருந்தால் அது நுண்பிட்ச். அதன் துளையும் வேறு.

பெரும்பிட்ச்சை விட்டத்திலிருந்து கணக்கிட முடியாது. அது தரநிலையில் நிர்ணயிக்கப்பட்ட எண். அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டு வேலைக்கு இந்த ஆறு அளவுகள் போதும்: M3-க்கு 0.5, M4-க்கு 0.7, M5-க்கு 0.8, M6-க்கு 1.0, M8-க்கு 1.25, M10-க்கு 1.5.

1.0825 எங்கிருந்து வருகிறது?

மெட்ரிக் மரையின் அடிப்படை வடிவம் 60 பாகைக் கோணமுள்ள சமபக்க முக்கோணம். அதன் உயரம் பிட்ச்சைப் போல் 0.866 மடங்கு. கூர்மையான நுனி எளிதில் நசுங்கும் என்பதால், முக்கோணத்தின் உயரத்தில் ஒரு முனையில் எட்டில் ஒரு பங்கையும் மறு முனையில் நான்கில் ஒரு பங்கையும் வெட்டிவிடுகிறார்கள். எஞ்சுவது எட்டில் ஐந்து பங்கு. துளையின் இரு பக்கமும் மரை இருப்பதால் இதை இரட்டிப்பாக்க வேண்டும். 2 × 5/8 × 0.866 = 1.0825. ஆக, உள்மரையின் சிறு விட்டத்துக்கான சூத்திரம் இது:

```
D1 = D - 1.0825 * P
```

M3-க்கு 3 − 0.541 = 2.459 மி.மீ.

அப்படியானால் நான் பார்த்த 2.387 எது? அது வெளிமரையின், அதாவது ஆணியின் அடிவிட்டம். ஆணியில் மரையின் அடிப்பகுதி வளைவாக இன்னும் ஆழமாகச் செல்வதால் அங்கே பெருக்கும் எண் 1.2269. பட்டறையில் இரண்டையுமே "மைனர் டயா" என்று சொல்வார்கள். அட்டவணைகளிலும் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். துளையிடுபவர் பார்க்க வேண்டியது நட்டின் கட்டத்தை.

சிறு விட்டமே டிரில் அளவா?

இல்லை. 2.459 என்பது துளைக்கு அனுமதிக்கப்படும் மிகக் குறைந்த அளவு. வழக்கமான 6H தரத்தில் M3 துளையின் சிறு விட்டம் 2.459-லிருந்து 2.599 வரை இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் டிரில்லைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்துவிடு. 3 − 0.5 = 2.5. சரியாக இடைவெளிக்குள் வருகிறது.

நான் போட்ட 2.4 கீழ் எல்லைக்கும் கீழே. மரை வெட்ட மட்டுமே செய்யப்பட்ட டேப், துளையையும் பெரிதாக்க வேண்டியதாயிற்று. துருவலுக்கு இடமில்லாமல் இறுகி உடைந்தது. மாறாக 2.6 போட்டால் டேப் வெண்ணெய்போல் இறங்கும். ஆனால் மரையின் ஆழம் முழு அளவில் 74 சதவீதம்தான் கிடைக்கும். 2.5-ல் அது 92 சதவீதம்.

எக்ஸெலில் போடுவோம்

H2-லிருந்து H7 வரை விட்டங்களையும், I2-லிருந்து I7 வரை அவற்றின் பிட்ச்களையும் தட்டச்சு செய்யுங்கள். A2-ல் விட்டத்தை மட்டும் எண்ணாகக் கொடுங்கள். பிறகு:

```
B2: =VLOOKUP(A2,$H$2:$I$7,2,FALSE)
C2: =A2-1.0825*B2
D2: =ROUND(A2-B2,1)
E2: =IF(D2>C2,"OK","CHECK")
```

VLOOKUP-ன் கடைசியில் FALSE இருப்பது முக்கியம். அதை விட்டுவிட்டால் பட்டியலில் இல்லாத விட்டத்துக்கும் அதற்குக் கீழே உள்ள அளவின் பிட்ச்சை எடுத்துக்கொண்டு, தவறான விடையை நம்பிக்கையோடு காட்டும். FALSE இருந்தால் #N/A என்று நின்றுவிடும். அதுவே நல்லது.

A2-ல் 8 என்று கொடுத்துப் பாருங்கள். B2-ல் 1.25, C2-ல் 6.647 வரும். 8 − 1.25 = 6.75; D2 அதை 6.8 ஆக்கும். M8-க்குக் கடையில் கேட்க வேண்டிய டிரில்லும் 6.8 தான். மேல் எல்லை 6.912 என்பதால் பயமில்லை. M6-க்கு 5.0, M5-க்கு 4.2, M4-க்கு 3.3 என்று வரும். ROUND-க்குப் பதில் ROUNDDOWN போட்டுவிடாதீர்கள். டேப்பைப் பொறுத்தவரை துளை சிறிதாவதுதான் ஆபத்து.

இந்தக் கணக்கு எங்கே செல்லாது?

துருவல் எடுக்காமல் உலோகத்தை அழுத்தியே மரை உண்டாக்கும் ஃபார்மிங் டேப் ஒன்று உண்டு. அதன் உடலில் துருவல் வெளியேறும் நீளப் பள்ளங்கள் இருக்காது. நசுங்கிய உலோகம் உள்பக்கம் எழும்பி வர இடம் வேண்டும் என்பதால் துளை பெரிதாக இருக்க வேண்டும். அங்கே பிட்ச்சில் பாதியை மட்டும் கழிக்கிறார்கள். M8-க்கு ஏறக்குறைய 7.4.

இன்னொன்று, கம்ப்யூட்டர் கேபினட்டில் வரும் ஆணிகள் எல்லாமே M3 அல்ல. 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கைப் பிடிக்கும் ஆணி 6-32 என்ற அங்குல மரை, வெளிவிட்டம் 3.5 மி.மீ. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் மரைகள் அகலமாக இருப்பது கண்ணுக்கே தெரியும். அதற்கு மேற்கண்ட அட்டவணை உதவாது.

உடைந்த டேப்பை எடுக்க முடியவில்லை. தகட்டை 15 மி.மீ. நகர்த்திக் குறித்து, 2.5 மி.மீ. டிரில்லால் நான்கு துளைகளையும் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் டேப்பைக் கால் சுற்றுப் பின்னால் திருப்பித் துருவலை உடைத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டேன். முடித்த பின் 2.6 மி.மீ. பிட்டின் மழமழப்பான பின்பகுதியை ஒவ்வொரு துளையிலும் நுழைத்துப் பார்த்தேன். எதிலும் நுழையவில்லை, அப்படியானால் மரை ஆழமாகவே விழுந்திருக்கிறது. மதர்போர்டு இப்போது அந்தத் தகட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் உடைந்த டேப்பும் அப்படியே இருக்கிறது.