லேசரில் வெட்டிய காடிகள் ஏன் லொடலொடக்கின்றன?

கணினியில் வரைந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேசைமேல் வைக்கும் சிறிய அலமாரி ஒன்று. தட்டின் ஓரத்தில் 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது நுழைவதற்குப் பக்கச்சுவரில் அதே 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு காடி. பலகை 3 மி.மீ. பிளைவுட் என்பதால் காடியின் அகலம் 3 மி.மீ. ஆனால் லேசரில் வெட்டி எடுத்துப் பொருத்தினால் தட்டு காடிக்குள் ஆடுகிறது. தூக்கினால் கழன்று விழுகிறது. மெஷின் தவறான பாதையில் போகவில்லை. வரைந்த கோட்டின் மேலேயேதான் போயிருக்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

வரைபடத்தில் இருக்கும் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. லேசர் கதிருக்கு உண்டு. ரம்பம் அறுக்கும்போது தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கிவிட்டுப் போவதுபோல, லேசரும் தான் போகும் பாதையில் ஒரு மெல்லிய பட்டையை எரித்து ஆவியாக்கிவிடுகிறது. இந்த வெட்டுத்தடத்தின் அகலத்தைத்தான் கெர்ஃப் என்கிறார்கள். சிறு பட்டறைகளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின்களில் 3 மி.மீ. பலகையை வெட்டினால் கெர்ஃப் பெரும்பாலும் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். கதிரின் மையம் கோட்டின்மேல் ஓடுவதால் இந்த இழப்பில் பாதி கோட்டுக்கு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போய்ச் சேர்கிறது.

கெர்ஃப் 0.18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் 0.09 வீதம் போய்விடுகிறது, 20 மி.மீ. என்று வரைந்த நாக்கு 19.82 ஆகக் குறைகிறது. காடியிலோ இதற்கு நேர்மாறு. அதன் இரண்டு முனைகளிலும் 0.09 வீதம் கூடுதலாகத் தின்னப்படுவதால் 20 மி.மீ. காடி 20.18 ஆக நீள்கிறது. ஒன்று சுருங்கி மற்றது விரிவதால், இடையில் விழும் இடைவெளி ஒரு கெர்ஃப் அல்ல, இரண்டு கெர்ஃப்: 0.36 மி.மீ.

காடியின் அகலத்தில் கணக்கு வேறு. பலருக்கும் சறுக்குவது இங்கேதான். அந்த அகலத்துக்குள் நுழைவது பலகையின் தடிமன். தடிமனை லேசர் வெட்டவே இல்லை. அது ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஆகவே இந்தத் திசையில் சுருங்குவதற்கு ஒன்றுமில்லை, காடி மட்டும்தான் ஒரு கெர்ஃப் அளவுக்கு விரிகிறது. அதோடு, 3 மி.மீ. என்று விற்கப்படும் பலகை உண்மையில் 3 மி.மீ. இருப்பதும் அரிது. வெர்னியர் காலிப்பரை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தால் 2.7, 2.9, 3.1 என்று ஏதாவது ஒன்று வரும். வார்ப்பு முறையில் செய்யும் அக்ரிலிக் ஷீட்டில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஒரே ஷீட்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்குமே வித்தியாசம் தெரியும். நம் அலமாரியின் பலகை 2.9 மி.மீ. என்றால், 3 என்று வரைந்து 3.18 ஆக விரிந்த காடிக்குள் அது 0.28 மி.மீ. தளர்வாக நிற்கும். தட்டு ஆடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கெர்ஃப் எவ்வளவு என்பதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதே பலகையின் ஒரு துண்டிலேயே அளந்துவிடலாம். 100 மி.மீ. நீளமுள்ள ஒரு செவ்வகத்தை வரைந்து, அதன் நடுவே ஒன்பது குறுக்குக் கோடுகள் போட்டுப் பத்துப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். வேலைக்கு வைக்கப்போகும் அதே வேகத்திலும் அதே பவரிலும் வெட்ட வேண்டும். பிறகு பட்டைகளை வெளியே எடுக்காமல், அவை கிடக்கும் சட்டத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினால் மறுபக்கம் ஓர் இடைவெளி திறக்கும். இரண்டு ஓரக் கோடுகளும் ஒன்பது குறுக்குக் கோடுகளும் சேர்ந்து பதினோரு வெட்டுகள். அவை தின்ற அத்தனையும் அந்த ஓர் இடைவெளியில் திரண்டு நிற்கிறது. காலிப்பரின் உள்வாயை வைத்து அளந்தால் 1.98 மி.மீ. என்று வருகிறது. அதைப் பதினொன்றால் வகுத்தால் 0.18. ஒரே ஒரு வெட்டை அளந்திருந்தால் காலிப்பர் சற்றே சாய்ந்தாலும் விடை பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறியிருக்கும். பதினொன்றைச் சேர்த்து அளப்பதால் அந்தப் பிழை பதினொன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுகிறது.

இப்போது இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன: தடிமன் 2.9, கெர்ஃப் 0.18. நாக்கை 20.18 என்று வரைந்தால் வெட்டியபின் 20 கிடைக்கும். காடியின் நீளத்தை 19.82 என்று வரைந்தால் அதுவும் 20 ஆகும். காடியின் அகலத்துக்கு 2.9-இலிருந்து 0.18-ஐக் கழித்து 2.72 என்று வரைய வேண்டும். வெட்டியபின் அது 2.9 ஆக விரிந்து பலகையின் தடிமனோடு ஒட்டி நிற்கும்.

இதை ஒவ்வொரு கோட்டிலும் கையால் செய்ய வேண்டியதில்லை. லேசர் மெஷின்களை இயக்கப் பரவலாகப் பயன்படும் லைட்பர்ன் மென்பொருளில் `Kerf Offset` என்று ஒரு கட்டம் இருக்கிறது. பொருத்தவேண்டிய உண்மை அளவிலேயே (நாக்கு 20, காடி 20-க்கு 2.9) வரைந்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எண்ணைக் கொடுத்தால் வெட்டும் பாதை அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். வெளிக்கோடு வெளியே விரியும். அதே லேயரில் உள்ளே இருக்கும் காடிகள் உள்நோக்கிச் சுருங்கும். அங்கே கொடுக்க வேண்டியது கெர்ஃபில் பாதி, அதாவது 0.09. ஏனென்றால் அது கோடு நகரவேண்டிய தூரம். வெட்டுத்தடத்தின் முழு அகலம் அல்ல. யாராவது முழு 0.18-ஐக் கொடுத்துவிட்டால் நாக்கு 20.18 ஆகவும் காடி 19.82 ஆகவும் வெட்டுப்பட்டு, சுத்தியலால் தட்டினாலும் உள்ளே போகாத நிலை வரும். பெட்டிகளை வரைந்து தரும் `Boxes.py` என்ற இலவச மென்பொருளில் கேட்கப்படும் `burn` என்ற எண்ணும் இந்தப் பாதி அளவுதான்.

இந்த வசதி மூடிய உருவங்களில் மட்டுமே வேலை செய்யும். ஓரிடத்தில் கோடு முழுதாகச் சேராமல் விட்டுப்போயிருந்தால், எது உள், எது வெளி என்று மென்பொருளுக்குத் தெரியாது; அந்தத் துண்டு திருத்தம் இல்லாமலே வெட்டுப்படும். பலகையை மிச்சப்படுத்த இரண்டு துண்டுகளை ஒட்டி வைத்து நடுக்கோட்டைப் பொதுவாக்குவதும் இங்கே செல்லாது. அந்த ஒரே கோட்டை இரண்டு துண்டுகளும் தங்களிடமிருந்து வெளியே தள்ள வேண்டியிருக்கும். ஒரே கோடு இரு திசைக்கும் போக முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கோடு வேண்டும், நடுவே கொஞ்சம் இடமும் விட வேண்டும்.

கணக்கு சரியாக வந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி: எவ்வளவு இறுக்கம் வேண்டும்? பசை போட்டு ஒட்டும் வேலைக்கு ஒரு பொருத்தம், பசை இல்லாமல் பிடித்து நிற்பதற்கு வேறு பொருத்தம். இதைக் கணக்கில் தேடுவதைவிடக் கையில் பார்ப்பதே மேல். ஒரு பட்டையின் ஓரத்தில் சீப்புபோல ஏழு காடிகளை 2.60, 2.65, 2.70 என்று 0.05 ஏற்றி ஏற்றி 2.90 வரை எந்தத் திருத்தமும் இல்லாமல் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் எண்ணைப் பொறித்து வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு அதே பலகையின் ஒரு துண்டை ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்க்கிறார்கள். 2.60-இல் நுழையவே மறுக்கும். 2.70-இல் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், தூக்கினாலும் விழாமல் நிற்கும். 2.80-இல் தானாகவே நழுவும். பசையில்லாத பொருத்தத்துக்கு 2.70 என்று முடிவாகிவிட்டது. தடிமன், கெர்ஃப், இறுக்கம் மூன்றும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் நடத்திய வகுப்பிலிருந்து வளர்ந்த ஃபேப் அகாடமி பயிற்சியில், லேசர் வெட்டும் வாரத்தின் வேலையே ஏறக்குறைய இதுதான். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் மெஷினின் கெர்ஃபையும் பொருத்த இடைவெளியையும் அளந்து எழுத வேண்டும். அதன்பின் ஒவ்வொருவரும் பசையின்றிக் கோத்துக்கொள்ளும் துண்டுகளை வடிவமைக்க வேண்டும். வரைபடத்தில் நேரடி எண்களுக்குப் பதில் பெயர்களை வைப்பதே அங்கே முறை:

```
slot_width = t - kerf + fit
slot_len   = 20 - kerf
tab_len    = 20 + kerf
```

`t` என்பது பலகையின் தடிமன். `fit` என்பது இறுக்கம். நம் சீப்பு சொன்னபடி பிளைவுட்டுக்கு அது −0.02. அடுத்த முறை 3.1 மி.மீ. பலகை வந்தால் `t`-ஐ மட்டும் மாற்றினால் போதும், எல்லாக் காடிகளும் தாமாக மாறிக்கொள்ளும்.

பொருளைப் பொறுத்து `fit` மாறும். பிளைவுட்டின் இழைகள் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும் என்பதால் சற்று இறுக்கமான காடியையும் அது தாங்கும். எம்டிஎஃப் பலகையை அதிகமாக நெருக்கினால் அதன் அடுக்குகள் பிரிந்து ஓரம் உப்பும். அக்ரிலிக் நசுங்காது, விரிசல் விடும். அதுவும் பெரும்பாலும் காடியின் உள்மூலையில்தான் தொடங்கும். அதற்கு 0.05 முதல் 0.1 வரை தளர்வு விட்டு, கரைப்பான் பசையால் ஒட்டுவதே வழக்கம்.

நேற்று சரியாகப் பொருந்திய கோப்பு இன்று தளர்வாக வருகிறது என்றால், வரைபடத்தைத் திருத்துமுன் மெஷினைப் பார்க்க வேண்டும். லென்ஸில் புகைப்படலம் படிந்திருக்கலாம், அல்லது பலகை வளைந்து நடுவில் மேலெழும்பியிருக்கலாம். லேசர் கதிர் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் மிக மெல்லியதாகக் குவிகிறது. பலகை அந்த உயரத்திலிருந்து விலகினால் கெர்ஃப் அகலமாகும். ஓரத்தில் வெட்டிய காடி இறுக்கமாகவும் நடுவில் வெட்டியது தளர்வாகவும் இருந்தால் வளைந்த பலகையே காரணம் என்று சொல்லிவிடலாம். எடை வைத்து அமுக்கிவிட்டு வெட்டினால் சரியாகும். வேகத்தைக் குறைத்தாலும், வரைபடத்தில் தெரியாமல் ஒரே கோடு இரண்டு முறை படிந்திருந்தாலும் வெட்டு அகலும்.

தடித்த ஷீட்டில் இந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. குவிந்த கதிர் மீண்டும் விரிந்துகொண்டே இறங்குவதால் வெட்டின் சுவர் நேராக நிற்பதில்லை. 3 மி.மீ.யில் அது பொருட்டல்ல, 10 மி.மீ. அக்ரிலிக்கில் கண்ணுக்கே தெரியும். மேல்முகத்தில் ஓர் அகலமும் கீழ்முகத்தில் வேறோர் அகலமும் இருக்கும். நாக்கு ஒரு பக்கமிருந்து எளிதாக நுழைந்து, மறுபக்கமிருந்து நுழைய மறுத்தால் அதுதான் அடையாளம். கோட்டை எவ்வளவு நகர்த்தினாலும் இந்தச் சாய்வு போகாது. அதனால் காடியைக் குறுகலான முகத்தில் அளந்து `fit`-ஐ முடிவு செய்கிறார்கள். எல்லாத் துண்டுகளிலும் எது மேல்முகம் என்று வெட்டும்போதே ஒரு புள்ளியைப் பொறித்துவைத்து, அகலமான முகத்தின் வழியாகவே நாக்கைச் செருகுகிறார்கள்.